மோட்பேக்குக்கு எத்தனை ஜிபி ரேம்? மேட்டை விட்டுப் பள்ளத்தைப் பாருங்கள்

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மைன்கிராப்ட் ஜாவா பதிப்பில் ஆல் தி மாட்ஸ் 9 என்ற மோட்பேக் போட்டிருந்தான். 1.20.1 பதிப்பின் மேல் ஓடுவது, உள்ளே நானூறு மோட்களுக்குப் பக்கம் இருக்கும். இருபது முப்பது விநாடிக்கு ஒருமுறை திரை அப்படியே உறைந்து நின்றது. ஒன்றிரண்டு விநாடி கழித்து, நடந்துகொண்டிருந்தவன் எங்கோ தள்ளிப் போய் நிற்பான்.

"மாமா, 14 ஜிபி குடுத்துட்டேன். அப்பவும் ஏன் திக்குது?" என்றான்.

மடிக்கணினியில் இருந்த ரேமே 16 ஜிபிதான். யாரோ ஒரு வீடியோவில் "ரேம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்று சொல்லியிருக்கிறார்கள். அதே வீடியோவிலிருந்து கால் பக்க நீளத்துக்கு ஒரு கட்டளை வரியையும் எடுத்து ஒட்டியிருந்தான். அந்த வரியில் இருந்த எந்தச் சொல்லும் என்ன செய்கிறது என்று அவனுக்குத் தெரியாது. பெரும்பாலோர் நிலைமை இதுதான், அதில் அவன் தப்பு ஒன்றுமில்லை. அன்று மாலை நாங்கள் உட்கார்ந்து அவனுடைய பேக்குக்குச் சரியான எண்ணைக் கண்டுபிடித்தோம். அதே வழியில் உங்கள் எண்ணையும் நீங்கள் கண்டுபிடிக்கலாம்.

ஹீப் என்பது என்ன

மைன்கிராப்ட் நேரடியாக விண்டோஸின் மேல் ஓடுவதில்லை. நடுவில் ஜாவா இருக்கிறது. விளையாட்டு உருவாக்கும் பொருட்களையெல்லாம் (நிலத் துண்டுகள், மாடுகள், பெட்டிக்குள் இருக்கும் சாமான்கள், ஒரு நொடிக்கு மட்டும் தேவைப்படும் தற்காலிகக் கணக்குகள்) ஜாவா தனக்கென ஒதுக்கிக்கொண்ட ஒரு பரப்பில் வைக்கிறது. அந்தப் பரப்புக்குப் பெயர் ஹீப். அதன் உச்ச அளவைச் சொல்வது `-Xmx`. தொடக்க அளவைச் சொல்வது `-Xms`. "மைன்கிராப்டுக்கு ரேம் ஒதுக்குவது" என்று நாம் பேசுவதெல்லாம் இந்த `-Xmx` எண்ணைத்தான். மைன்கிராப்டின் சொந்த லாஞ்சர் பல காலமாகத் தானாகக் கொடுத்துவந்தது `-Xmx2G`, அதாவது 2 ஜிபி. மோட் இல்லாத விளையாட்டுக்கு அது ஓரளவு போதும். நானூறு மோட் பேக்கில் தொடக்கத் திரையைத் தாண்டுவதே கஷ்டம்.

ஹீப்பைக் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடமாக நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற பொருட்கள் எல்லாம் விருந்தாளிகள். பெரும்பாலானவர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள் என்று இருப்பவர்கள். ஆனால் அவர்கள் எழுந்து போனதும் இலை தானாக மறைந்துவிடாது. அப்படியே கிடக்கும். இடம் நிறைந்ததும் ஜாவா எல்லாரையும் கொஞ்சம் நிறுத்திவிட்டு இலை எடுக்கிறது. இந்த வேலைக்குப் பெயர் ஜிசி, அதாவது குப்பை அள்ளுதல். அந்த நேரத்தில் பரிமாறுபவர்கள் அசையக்கூடாது. விளையாட்டு நிற்கும். 20 மில்லி விநாடி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. 1 விநாடி நின்றால் க்ரீப்பர் வெடித்திருக்கும்.

கூடத்தில் இன்னொரு வகை ஆட்களும் உண்டு. காலையிலிருந்து எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர்கள். மோட்களின் நிரல், பொருட்களின் பட்டியல், சமையல் குறிப்புகள், ஏற்றி வைத்திருக்கும் நிலத் துண்டுகள் எல்லாம் இவர்கள்தான். எத்தனை முறை இலை எடுத்தாலும் இவர்கள் இடம் காலியாகாது. இவர்கள் பிடித்துக்கொள்ளும் அளவுதான் ஒரு மோட்பேக்கின் உண்மையான தேவை. சாதாரண விளையாட்டுக்கும் பெரிய பேக்குக்கும் உள்ள வித்தியாசமும் முக்கியமாக இங்கேதான் வருகிறது.

100 பேர் உட்காரும் கூடத்தில் 90 இடத்தை வீட்டுக்காரர்களே பிடித்துக்கொண்டால், ஒரு பந்திக்குப் பத்துப் பேர்தான். நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்தி இலை எடுக்க வேண்டும். அதுதான் ரேம் போதாமையின் அறிகுறி. கடைசியில் புதிதாக ஒருவர் உட்காரக்கூட இடமில்லை என்றால் விளையாட்டு விழுந்துவிடும். லாகில் `java.lang.OutOfMemoryError: Java heap space` என்று இருக்கும்.

அதிகம் கொடுத்தால் என்ன கெடும்

"ஹீப் பெரிதானால் ஜிசி நீளமாகும்" என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். இப்போதைய ஜாவாவில் வழக்கமாக வேலை செய்வது ஜி1 என்ற சேகரிப்பான். அது இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதில்லை. ஒரு வரிசையில் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை மட்டும் எழுப்பி வேறு வரிசையில் உட்கார வைக்கிறது, பிறகு பழைய வரிசை முழுவதையும் ஒரே வீச்சில் காலி செய்கிறது. அதனால் அதன் நேரம் பெரும்பாலும் மிஞ்சியிருப்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கிடக்கும் குப்பையின் அளவு அதை அவ்வளவாகப் பாதிக்காது. இருக்கிற ரேம் நிஜமாகவே தாராளமாக இருந்தால், ஹீப்பில் கூடுதலாக ஒன்றிரண்டு ஜிபி இருப்பதால் மட்டும் பெரிய கெடுதல் வந்துவிடாது.

என் மருமகனுக்கு நடந்தது வேறு. ஜாவா எடுத்துக்கொள்வது ஹீப் மட்டும் இல்லை. மோட்களின் வகுப்புத் தகவல்கள், ஓடும்போது மொழிபெயர்த்து வைத்த எந்திர நிரல், ஒலி, கிராபிக்ஸ் டிரைவர் வைத்துக்கொள்ளும் பகுதிகள் எல்லாம் ஹீப்புக்கு வெளியே இருக்கின்றன. பெரிய பேக்கில் இது சாதாரணமாக 2 ஜிபியைத் தொடும். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் படத்துக்கான நினைவகமும் இதே ரேமிலிருந்துதான் போகும். அப்புறம் விண்டோஸ் இருக்கிறது, பிரவுசர் இருக்கிறது, பேசிக்கொண்டே விளையாடும் செயலி இருக்கிறது. 14 ஜிபி ஹீப்போடு இதையெல்லாம் கூட்டினால் 16ஐத் தாண்டி எங்கோ போய்விடும்.

ஜாவா உடனே 14 ஜிபியையும் தொடுவதில்லை என்பதால் முதல் பத்து நிமிடம் நன்றாகவே ஓடும். இடம் இருக்கிறதே என்று ஜி1 நிதானமாகக் குப்பையைச் சேரவிடும். ஹீப் வளர வளர, விண்டோஸ் ரேமின் ஒரு பகுதியை எடுத்து வட்டில் எழுத ஆரம்பிக்கும். பிறகு ஜிசி வரும்போது, வட்டில் கிடக்கும் அந்தப் பகுதியையும் தொட வேண்டியிருக்கும். ரேமில் 30 மில்லி விநாடியில் முடிய வேண்டிய வேலை, வட்டிலிருந்து திரும்பப் படிக்கும்போது விநாடிக் கணக்கில் இழுக்கும். அவனுடைய கணினியில் திரை உறைந்த ஒவ்வொரு முறையும் டாஸ்க் மேனேஜரில் வட்டின் கோடு 100 சதவீதத்துக்கு எகிறியது. நினைவகம் 97 சதவீதத்தில் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், ஒதுக்கீடு அதிகம் என்றே முடிவு செய்யலாம்.

ஆக, எண்ணுக்கு இரண்டு எல்லைகள் இருக்கின்றன. கீழ் எல்லையை மோட்பேக் தீர்மானிக்கிறது, மேல் எல்லையைக் கணினி தீர்மானிக்கிறது.

மேல் எல்லையைக் கணக்கிடுவது

விளையாட்டை மூடிவிட்டு, வழக்கமாகத் திறந்து வைத்திருப்பதை மட்டும் திறந்து வைத்து டாஸ்க் மேனேஜரைப் பார்த்தோம். பயன்படுத்தக்கூடிய மொத்த ரேம் 15.4 ஜிபி என்று காட்டியது. மீதி கிராபிக்ஸுக்கு ஏற்கெனவே ஒதுங்கியிருந்தது. அதில் 4.2 ஜிபியை விண்டோஸும் மற்றவையும் எடுத்திருந்தன. மிச்சம் 11.2. ஹீப்புக்கு வெளியே ஜாவாவுக்கும் கிராபிக்ஸுக்கும் சேர்த்து 2.5 ஜிபி என்று வைத்துக்கொண்டோம். 8.7 வந்தது. கொஞ்சம் மூச்சு விட இடம் வேண்டும் என்பதால் 8 ஜிபி என்று முடிவு செய்தோம். அவனுடைய கணினியில் இதற்கு மேல் போகக்கூடாது.

இதே கணக்கை 8 ஜிபி கணினியில் போட்டால், மற்றதையெல்லாம் மூடி வைத்தாலும் 4ஐத் தாண்டாது. சின்ன, நடுத்தர பேக்குகளுக்கு அது போதும். நானூறு மோட் பேக்கை அதில் எந்தக் கட்டளையாலும் சுகமாக ஓட்ட முடியாது என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். அங்கே மோட்களைக் குறைப்பதும், பார்வைத் தூரத்தைக் குறைப்பதும், ரேம் சேர்ப்பதும்தான் வழி.

கீழ் எல்லையை அளப்பது

விளையாட்டுக்குள் F3 விசையை அழுத்தினால் வலது மேல் மூலையில் இப்படி ஒரு வரி தெரியும்:

```
Mem: 71% 5816/8192MB
```

இது 95க்குப் போனதைப் பார்த்தவுடன் பலர் பதறிப்போய் ரேமை ஏற்றுகிறார்கள். பதற வேண்டாம். அந்த எண் ஏறுவதும், திடீரென்று விழுவதும், மறுபடி ஏறுவதும் இயல்பு. ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும். ஏறும்போது அதில் பாதி, இலை போட்டுவிட்டு எழுந்து போனவர்களின் குப்பை. நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது அது விழுந்து நிற்கும் அடிமட்டத்தை. அங்கே மிஞ்சியிருப்பவர்கள்தான் வீட்டுக்காரர்கள்.

கண்ணால் பிடிப்பது கஷ்டம் என்பதால் ஜாவாவையே எழுதி வைக்கச் சொல்லலாம். ஜாவா 9க்குப் பிறகு வந்த எந்தப் பதிப்பிலும் இந்தக் கட்டளை வேலை செய்யும்:

```
-Xlog:gc:file=gc.log
```

இதைச் சேர்த்து, 8 ஜிபி ஒதுக்கி, அவனை ஒரு மணி நேரம் வழக்கம்போல விளையாடச் சொன்னேன். சும்மா நின்றால் உண்மை தெரியாது. அவனுடைய பெரிய தொழிற்கூடத்துக்குப் போனான், நெதருக்குப் போய் வந்தான், புது நிலத்தில் பறந்தான். பிறகு பேக்கின் கோப்புறைக்குள் இருந்த `gc.log` கோப்பைத் திறந்தோம். இப்படிப்பட்ட வரிகள் நிறைய இருந்தன:

```
[2412.318s][info][gc] GC(387) Pause Young (Normal) (G1 Evacuation Pause) 6120M->4385M(8192M) 31.204ms
```

இதைப் படிப்பது எளிது. விளையாட்டு தொடங்கி 2412ஆவது விநாடியில் ஜிசி நடந்திருக்கிறது. அதற்கு முன் 6120 எம்பி நிறைந்திருந்தது, பிறகு 4385 எம்பி. அடைப்புக்குள் இருப்பது அப்போதைய ஹீப்பின் அளவு. கடைசி எண்தான் விளையாட்டு நின்ற நேரம், 31 மில்லி விநாடி. திரையில் விநாடிக்கு 60 படச்சட்டம் ஓடும்போது ஒரு சட்டத்துக்கு 16.7 மில்லி விநாடி. ஆக, இரண்டு சட்டம் தவறியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

அம்புக்குறிக்கு வலப்பக்கம் இருக்கும் எண்களை மட்டும் கீழே வரை பார்த்துக்கொண்டு போனோம். ஒரு `Pause Young` வரி பழைய குப்பையை முழுக்க எடுப்பதில்லை என்பதால் ஒரு வரியை வைத்து முடிவு செய்யக்கூடாது. முதல் பத்து நிமிடத்தை விட்டுவிட்டு, அதன் பிறகு திரும்பத் திரும்ப வரும் குறைந்த எண் எது என்று தேட வேண்டும். அவனுக்கு அது 4300 எம்பிக்குப் பக்கத்தில் நின்றது.

இந்த அடிமட்டத்தைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்குள் ஹீப் இருந்தால் ஜி1 சுகமாக வேலை செய்யும் என்பது என் அனுபவம். 4.3 ஜிபிக்கு அது 6.5 முதல் 8.6 வரை வருகிறது. மேல் எல்லை 8. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே இடம் இருக்கிறது, எனவே இந்த பேக் இந்தக் கணினியில் ஓடும். இடமே இல்லாமல் போயிருந்தால் பேக்கைத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

சும்மா இருக்க மனமில்லாமல் 6 ஜிபியும் வைத்துப் பார்த்தோம். ஓடியது. ஆனால் ஜிசி வரிகள் இரண்டு விநாடிக்கு ஒன்று வந்தன, புது நிலத்தில் பறந்தபோது சில இடங்களில் `Pause Full` என்ற வரியும் தலைகாட்டியது. அந்தச் சொல்லைக் கண்டால் கவனியுங்கள். வரிசை வரிசையாகக் காலி செய்ய இடம் போதாமல், ஜாவா கூடத்தையே மொத்தமாக நிறுத்திச் சுத்தம் செய்திருக்கிறது என்று பொருள். அது அரை விநாடிக்கு மேலும் போகும். 7 ஜிபியில் அந்த வரி வரவில்லை. ஜிசி ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் 30 மில்லி விநாடி அளவில். டாஸ்க் மேனேஜரில் `javaw.exe` மொத்தமாக 9 ஜிபி எடுத்தது. பிரவுசருக்கும் இடம் மிஞ்சியது. 7இலேயே நிறுத்திவிட்டோம்.

கட்டளை வரியில் எதை விட, எதை எடுக்க

அவன் ஒட்டியிருந்த நீள வரி சர்வர்களுக்காக எழுதப்பட்டது. அய்க்கர் ஃபிளாக்ஸ் என்று அதற்குப் பெயர், சர்வர் நடத்துபவர்களிடம் பிரபலம். அதில் இருக்கும் `-XX:MaxGCPauseMillis=200` என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். ஒரு நிறுத்தம் 200 மில்லி விநாடி வரை போகலாம் என்று ஜி1க்கு அது அனுமதி கொடுக்கிறது. சர்வருக்குத் திரை கிடையாது. விநாடிக்கு 20 துடிப்பு ஓடும் சர்வரில் 200 மில்லி விநாடி என்றால் நான்கு துடிப்பு, அதை அது அடுத்த கணமே ஈடுகட்டிவிடும். உங்கள் திரையில் அதே நிறுத்தம் 12 சட்டங்களை விழுங்கும், கண் உடனே பிடித்துவிடும். அதே வரியில் உள்ள `-XX:+AlwaysPreTouch` தொடக்கத்திலேயே ஹீப்பின் எல்லாப் பக்கங்களையும் தொட்டு ரேமைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது. அதற்கென்றே வைத்திருக்கும் சர்வரில் அது நல்லது. `-Xms`ஐயும் 14 ஜிபியாக வைத்திருந்தால், 16 ஜிபி மடிக்கணினியில் அது என்ன செய்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மைன்கிராப்ட் லாஞ்சர் தானாகவே கொடுக்கும் வரி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்காக எழுதப்பட்டது. அதை அப்படியே வைத்துக்கொண்டு அளவை மட்டும் மாற்றினோம். படிக்க வசதியாக இரண்டாக உடைத்திருக்கிறேன், பெட்டியில் ஒரே வரியாக இடவெளி விட்டு எழுத வேண்டும்:

```
-Xms4G -Xmx7G -XX:+UnlockExperimentalVMOptions -XX:+UseG1GC -XX:G1NewSizePercent=20
-XX:G1ReservePercent=20 -XX:MaxGCPauseMillis=50 -XX:G1HeapRegionSize=32M
```

`MaxGCPauseMillis=50` ஒரு குறிக்கோள் மட்டும்தான், உத்தரவாதம் இல்லை. "5 என்று போட்டால் இன்னும் நல்லதா மாமா?" என்று கேட்டான். நல்லதில்லை. அவ்வளவு சின்ன எண்ணைக் கொடுத்தால் ஜி1 ஒரு பந்திக்கு நான்கு பேரை மட்டும் உட்கார வைத்து, இடைவிடாமல் இலை எடுத்துக்கொண்டே இருக்கும். மொத்த வேலை கூடிவிடும்.

`G1HeapRegionSize=32M` தான் மோட் விளையாட்டுக்கு உண்மையிலேயே உதவுவது. ஜி1 ஹீப்பைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரிக்கிறது. நாம் சொல்லாவிட்டால் இந்த அளவு ஹீப்புக்குக் கட்டம் 2 அல்லது 4 எம்பிதான் வரும். ஒரு கட்டத்தில் பாதியளவு அல்லது அதற்கு மேல் இருக்கும் எந்தப் பொருளையும் ஜி1 யானையாக நினைத்து, நேராகப் பழையவர்கள் பகுதியில் தனிக் கட்டங்களில் கொண்டுபோய் வைக்கும். மோட்கள் படம், வரைபடம், பட்டியல் என்று பெரிய பெரிய வரிசைகளை அடிக்கடி உருவாக்கும். சின்னக் கட்டம் என்றால் அவற்றில் பல யானைகளாகிவிடும், ஹீப்பில் அங்கங்கே பொத்தல் விழும். 32 எம்பி கட்டத்தில் 16 எம்பிக்குக் கீழே இருப்பதெல்லாம் சாதாரண விருந்தாளிகள்தான்.

`UnlockExperimentalVMOptions` இல்லாமல் `G1NewSizePercent` வேலை செய்யாது, விளையாட்டு தொடங்கவே தொடங்காது. அதனால் அதை முன்னால் வைத்திருக்கிறோம். `-Xms`ஐ 4 என்று வைத்தது, ரேம் இறுக்கமான கணினி என்பதால். 32 ஜிபி இருப்பவர்கள் இரண்டையும் சமமாக வைத்துவிடலாம்.

எங்கே எழுதுவது என்பது லாஞ்சருக்கு லாஞ்சர் மாறும். மைன்கிராப்ட் லாஞ்சரில் `Installations` போய், பேக்கைத் திருத்தத் திறந்து, `More Options` கீழே `JVM Arguments` பெட்டி. பிரிஸம் லாஞ்சரில் பேக்கின் அமைப்புகளில் ஜாவா பகுதிக்குப் போனால் நினைவகத்துக்குத் தனிப் பெட்டி இருக்கும், அதில் 7168 என்று மெபிபைட் கணக்கில் எழுத வேண்டும். 7 ஜிபி என்பது 7 × 1024. அங்கே `-Xms`, `-Xmx` இரண்டையும் கட்டளைப் பெட்டியில் மறுபடி எழுதாதீர்கள், மற்றவற்றை மட்டும் எழுதுங்கள். கர்ஸ்ஃபோர்ஜ் செயலியிலும் இதே மாதிரி நினைவகத்துக்கு இழுக்கும் பட்டை தனியாக உண்டு.

தொடங்கவே மாட்டேன் என்றால்

பெரும்பாலும் எழுத்துப் பிழைதான். `-Xmx7` என்று ஜி எழுத்தை விட்டுவிட்டால் ஜாவா அதை 7 பைட் என்று எடுத்துக்கொண்டு, ஹீப் அளவு சரியில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். `-Xmx7GB` என்று எழுதினாலும் தவறு. அரட்டைச் செயலியிலிருந்து எடுத்து ஒட்டும்போது சிறு கோடு சில சமயம் நீளக் கோடாக மாறிவிடும். அப்போது ஜாவா அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளாது. `Could not find or load main class` என்று சொல்லி, பின்னாலேயே உங்கள் `Xmx`ஐக் காட்டினால் இதுதான் காரணம். கோடுகளை அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

`Unrecognized VM option` என்று வந்தால் கட்டளை வேறு ஜாவாவுக்கானது. 1.16.5 வரை உள்ள பேக்குகள் ஜாவா 8இல் ஓடின. 1.18 முதல் 1.20.4 வரை ஜாவா 17. 1.20.5லிருந்து 1.21 வரிசை முழுவதும் ஜாவா 21. பழைய 1.12.2 பேக்குகளுக்காக எழுதிய வரிகளில் `UseConcMarkSweepGC` என்று ஒன்று அடிக்கடி இருக்கும். அந்தச் சேகரிப்பானை ஜாவா 14இலேயே எடுத்துவிட்டார்கள். மாறாக, ஜாவா 8 பேக் ஓட்டுபவர்கள் `-XX:+UseG1GC` இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜாவா 8 தானாக ஜி1ஐத் தேர்ந்தெடுக்காது. அதோடு, அந்தப் பதிப்பின் ஜி1இல் முழு ஜிசியை ஒரே ஒரு இழைதான் செய்யும். எட்டு கோர் இருந்தாலும் ஏழு வேடிக்கை பார்க்கும். ஜாவா 10இல்தான் இது மாறியது. பழைய பேக்குகளில் தாராளமாக ரேம் கொடுத்தும் நீள நீளமாக உறைவதற்கு இது ஒரு காரணம்.

`Invalid maximum heap size` என்று வந்து, எழுத்தில் பிழையும் இல்லை என்றால், 32 பிட் ஜாவா போட்டிருக்கிறீர்கள். 64 பிட் ஜாவாவுக்கு மாற்றுங்கள்.

ஜாவா 21இல் ஓடும் 1.21.1 மாதிரிப் பேக்குகளில் இன்னொரு வழியும் இருக்கிறது:

```
-XX:+UseZGC -XX:+ZGenerational
```

இசட்ஜிசி விளையாட்டை நிறுத்தும் நேரம் 1 மில்லி விநாடிக்கும் குறைவு. ஏறக்குறைய எல்லா வேலையையும் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் செய்துகொள்ளும். அதற்குக் கூலியாகக் கூடுதல் ரேமும் சிபியு நேரமும் கேட்கும். 32 ஜிபி ரேமும் எட்டு கோரும் இருப்பவர்கள் ஜி1 கட்டளைகளையெல்லாம் எடுத்துவிட்டு இதை முயன்று பாருங்கள், நன்றாக இருக்கும். 16 ஜிபி மடிக்கணினிக்கு நான் சொல்லமாட்டேன்.

எல்லாத் திக்கலும் ரேம் திக்கல் இல்லை

7 ஜிபி வைத்த பிறகும் புது நிலத்தில் வேகமாகப் பறக்கும்போது கொஞ்சம் திக்கியது. அவன் உடனே 8க்குப் போகலாமா என்றான். F3ஐத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி பறக்கச் சொன்னேன். திக்கிய கணத்தில் `Mem` எண் விழவில்லை, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஜிசி காரணமில்லை. லாகில் `Can't keep up!` என்ற வரி வந்திருந்தது. தனியாக விளையாடும்போதும் உள்ளே ஒரு சர்வர் இதே ஜாவாவுக்குள் ஓடுகிறது. புது நிலம் உருவாக்கும் வேலையில் அது பின்தங்கிவிட்டது. அது சிபியு வேலை, ரேம் கொடுத்துத் தீராது.

பார்வைத் தூரத்தை 16லிருந்து 10க்குக் குறைத்தோம். இது பார்க்கிறதைவிடப் பெரிய மாற்றம். 16 என்றால் உங்களைச் சுற்றி 33 × 33, அதாவது 1089 நிலத் துண்டுகள். 10 என்றால் 21 × 21, அதாவது 441. திக்கலும் அடங்கியது, ஹீப்பின் அடிமட்டமும் 4300லிருந்து 4000க்குப் பக்கம் இறங்கியது. ரேம் குறைவாக இருப்பவர்கள் கட்டளைகளோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். ஃபெரைட்கோர் என்ற மோடும் ஹீப்பில் தங்கும் பொருட்களைக் குறைத்துத் தரும், பல பெரிய பேக்குகளில் அது ஏற்கெனவே உள்ளே இருக்கும்.

பத்து நாள் கழித்துப் போனில் கூப்பிட்டான். "மாமா, அடிமட்டம் 4800 ஆயிடுச்சு. ஏத்தட்டுமா?" அளவைச் சரியான இடத்தில் பார்க்கக் கற்றுக்கொண்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒரே ஆட்டத்தில் மணிக்கணக்காக ஏறிக்கொண்டே போகிறதா, இல்லை ஒரு மட்டத்தில் நிற்கிறதா என்று கேட்டேன். ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு மோட் எழுந்து போனவர்களையும் இன்னும் இருப்பதாகக் கணக்கில் வைத்திருக்கிறது என்று பொருள். அந்தக் கசிவுக்கு எத்தனை ஜிபி கொடுத்தாலும் நிரம்பத்தான் செய்யும், விழும் நேரம்தான் தள்ளிப்போகும். அங்கே மோடைத் தேட வேண்டும். அவனுக்கு 4800இலேயே நின்றது. தொழிற்கூடத்தை இரண்டு மடங்காக்கி, அது எப்போதும் ஏற்றியே இருக்கும்படி வைத்திருந்தான். 4800க்கு 7 ஜிபி என்றால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறது. `gc.log`இல் `Pause Full` இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். ஒன்றுகூட இல்லை. 7ஐ அப்படியே விட்டுவிட்டான்.